விலக்கத்தை எண்ணுவது எப்படி? டீக்கடையிலிருந்து ஆய்வு முன்மொழிவு வரை

சமூக விலக்கம் பற்றி எழுதப்படும் ஆய்வு முன்மொழிவுகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முதல் சில பக்கங்களில் தீண்டாமை, ஒதுக்கிவைத்தல், மரியாதை மறுப்பு என எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். அப்புறம் 'மாறிகள்' என்று ஒரு அட்டவணை வரும். அதில் குடும்ப வருமானம், படித்த ஆண்டுகள், வீட்டுக் கூரை, கழிப்பறை, நில உடைமை, வங்கிக் கணக்கு. யாரையும் யாரும் எங்கும் தடுத்ததற்கான ஒரு வரிகூட அந்த அட்டவணையில் இருக்காது.

அந்த அட்டவணை அளப்பது வறுமையை. வறுமையும் அளக்கப்பட வேண்டியதுதான், ஆனால் தலைப்பில் இருப்பது அது இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருமானத்தையும் கூரையையும் கூட்டி 'விலக்கக் குறியீடு' என்று ஓர் எண்ணை உருவாக்கிவிட்டு, 'விலக்கத்துக்கும் வறுமைக்கும் வலுவான தொடர்பு உள்ளது' என்று முடிவு எழுதுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே பொருளை வைத்தால் தொடர்பு வராமல் என்ன செய்யும்? கணக்கில் பிழை இருக்காது, அதனால் யார் கண்ணிலும் படாது.

ஆக, கேள்வித்தாளுக்குப் போவதற்கு முன்னால் வரையறையிலேயே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் டோனி அட்கின்சன் 1998-இல் சமூக விலக்கத்துக்கு மூன்று இயல்புகளைச் சொன்னார். ஒன்று, அது ஒப்பீட்டில்தான் தெரியும். ஒருவரைத் தனியாகப் பார்த்து அவர் விலக்கப்பட்டவரா என்று சொல்ல முடியாது, அதே ஊரில் மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதோடு வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டு, அதில் ஒரு செயல் இருக்கிறது. யாரோ விலக்குகிறார்கள், அல்லது ஓர் ஏற்பாடு விலக்குகிறது. மூன்று, காலம். இன்றைய நிலை மட்டுமல்ல, நாளைக்கு என்ன வழி இருக்கிறது என்பதும் சேர்ந்தது. வருமானம், கூரை அட்டவணையில் முதலாவது ஓரளவு இருக்கும். இரண்டாவது இருக்கவே இருக்காது. என் பார்வையில் விலக்கத்தை வறுமையிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்த இரண்டாவதுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். தலைப்பு: தமிழ்நாட்டு கிராமங்களில் தலித் குடும்பங்கள் எதிர்கொள்ளும் சமூக விலக்கம். இதற்கு இப்படி ஒரு செயல்பாட்டு வரையறை எழுதலாம்: 'ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தையோ சேவையையோ பதவியையோ, மற்றவர்களுக்கு நிகராகப் பயன்படுத்த விடாமல், சாதியின் பேரில் பிறரால் தடுக்கப்படுவது.' நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. 'பொதுவான' என்பதால் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரை அழைத்தார் என்பது இந்த ஆய்வில் வராது. 'மற்றவர்களுக்கு நிகராக' என்பதால் ஊர்ப் பகுதிக் குடும்பங்களையும் கணக்கெடுத்தாக வேண்டும், தலித் குடியிருப்பில் மட்டும் கேட்டால் போதாது. 'பிறரால்' என்பதால் ஒவ்வொரு குறிகாட்டியிலும் தடுத்தவர் யார், எது என்பதற்கு ஓர் இடம் வேண்டும். எந்தக் குறிகாட்டியை எழுதினாலும் இந்த வரையறையோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டாததை எடுத்துவிடலாம்.

இனி ஒரு கேள்வி எழும். உள்ளே விட்டுவிட்டார்கள், ஆனால் உள்ளே நடத்தும் விதம் வேறு என்றால் அது விலக்கமா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் கூட்டப் படம் ஒன்று வெளியானது. தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 'ஒதுக்கீட்டு இடங்களில் எத்தனை நிரப்பப்பட்டன' என்ற குறிகாட்டியை வைத்திருந்தால் இந்த ஊராட்சி முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். 2000-இல் ஆசிய வளர்ச்சி வங்கிக்காக எழுதிய ஆய்வறிக்கையில் அமர்த்திய சென் இதைத்தான் தனியே பிரித்துக் காட்டினார். வெளியே நிறுத்துவது ஒரு வகை, பாதகமான நிபந்தனையோடு உள்ளே சேர்ப்பது இன்னொரு வகை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்றார்.

இதை அளவீட்டுக்குக் கொண்டுவந்ததில் 2005-இல் சுகதேவ் தோராட்டும் ஜோயல் லீயும் வெளியிட்ட ஆய்வு நல்ல முன்மாதிரி. தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் ரேஷன் கடையையும் பள்ளி மதிய உணவையும் அவர்கள் பார்த்தார்கள். 'பாகுபாடு இருக்கிறதா' என்று மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. கடையோ சமையல்கூடமோ எந்தக் குடியிருப்பில் இருக்கிறது, அங்கே போனால் எப்படி நடத்துகிறார்கள், சமையல்காரராகவோ கடை நடத்துபவராகவோ தலித்துகள் இருக்கிறார்களா என்று பிரித்துப் பார்த்தார்கள். அதாவது அணுகல், நடத்தை, பொறுப்பு. எந்தப் பொது இடத்துக்கும் இந்த மூன்றையும் கேட்கலாம். நம் முன்மொழிவிலும் இதையே சட்டகமாக வைத்துக்கொள்வோம். தெற்குத்திட்டை முதலாவதில் தேறும், இரண்டாவதில் தோற்கும்.

சரி, சட்டகம் கிடைத்துவிட்டது. அதிலிருந்து ஒரு கேள்விக்கு இறங்குவதுதான் கடினமான பகுதி. அதற்கு டீக்கடை பொருத்தமான இடம்.

'இரட்டைக் குவளை முறை உள்ளதா? ஆம் / இல்லை' என்பதுதான் முதலில் தோன்றும் குறிகாட்டி. பழைய கள ஆய்வுகளில் இது பொருந்தியது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், தலித்துகளுக்குத் தனியே ஒதுக்கிவைத்த குவளை, குடித்ததும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். இப்போது பல கடைகளில் காகிதக் கப் வந்துவிட்டது. தலித்துகளுக்குக் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் என்று கொடுக்கும் கடையில் இரண்டு குவளை கிடையாது. கடைக்காரர் 'இல்லை' என்பார், சொல்லப்போனால் அது பொய்யும் இல்லை. ஆய்வில் தீண்டாமை குறைந்ததாகப் பதிவாகும். இன்னொரு கடையில் எல்லோருக்குமே காகிதக் கப்தான் கொடுப்பார்கள், ஆனால் பெஞ்சில் உட்கார்வது யார் என்பதில் வேறுபாடு இருக்கும். ஒரு பொருளின் பெயரில் குறிகாட்டியைக் கட்டினால் பொருள் மாறியதும் அது செத்துப்போகும். அளக்க வேண்டியது ஒரே காசு கொடுக்கும் இரண்டு பேரை நடத்துவதில் உள்ள வேறுபாட்டை.

ஆகவே குறிகாட்டியை இப்படி மாற்றி எழுதலாம்: 'இந்தக் கடையில் தலித் வாடிக்கையாளருக்கும் மற்றவருக்கும் பாத்திரம், உட்காருமிடம், பாத்திரம் கழுவுவது யார் என்ற மூன்றில் எதிலாவது வேறுபாடு உள்ளது.' இதற்குள் மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன, மூன்றும் கண்ணால் பார்க்கக்கூடியவை. வீடுகளில் கேட்கும்போதும் 'பாகுபாடு உண்டா' என்று கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும். 'கடைசியாக எப்போது அந்தக் கடையில் டீ குடித்தீர்கள்? எதில் கொடுத்தார்கள்? எங்கே வைத்துக் குடித்தீர்கள்?' அதே மூன்று கேள்விகளை ஊர்ப் பகுதி வீட்டிலும் கேட்க வேண்டும். இரண்டு பகுதிப் பதில்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் குறிகாட்டி. ஒருவரிடம் 'உங்களை ஒதுக்குகிறார்களா' என்று கேட்டு அவர் வாயால் தீர்ப்புச் சொல்லவைக்கத் தேவையே இல்லை.

இதில் கவனிக்காமல் விட்டால் ஆய்வே கவிழ்ந்துவிடும் ஓர் இடம் உண்டு. சில ஊர்களில் தலித்துகள் அந்தக் கடைக்குப் போவதே கிடையாது. 'கடைசியாக எப்போது குடித்தீர்கள்' என்றால் 'அங்கெல்லாம் போறதில்லைங்க' என்று பதில் வரும். கணினியில் ஏற்றும்போது அடுத்த கேள்விகள் 'பொருந்தாது' என்று காலியாகிவிடும். காலியான வரிசைகளை நீக்கிவிட்டுச் சராசரி எடுத்தால், முழுமையாக விலக்கிய ஊர் பட்டியலிலிருந்தே காணாமல் போய், பாதி விலக்கிய ஊர்தான் மிக மோசமான ஊராகத் தெரியும். அதனால் 'போவதில்லை' என்பதற்குத் தனிக் குறியெண் வேண்டும், கூடவே ஏன் என்ற கேள்வியும் வேண்டும்.

அந்த 'ஏன்' சுலபமானதல்ல. கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாம், சாமி கும்பிடாதவராக இருக்கலாம், அவர் போகாதது விலக்கம் ஆகாது. இன்னொருவர் 'அது அவங்க கோயில், எங்களுக்கு எதுக்கு?' என்பார். இது விருப்பமின்மை மாதிரியே ஒலிக்கும். பல தலைமுறையாகத் தடுக்கப்பட்ட இடத்தில் தடையைத் தன் விருப்பமாகவே ஒருவர் சொல்வது வழக்கம்தான். இந்த இரண்டு பேரையும் பிரிக்க, விருப்பத்தைக் கேட்காமல் விளைவைக் கேட்கலாம்: 'உங்கள் பகுதியிலிருந்து ஒருவர் நாளைக்கு உள்ளே போனால் என்ன நடக்கும்?' 'ஒண்ணும் ஆகாது' என்று ஒரு பதில், 'பூசாரி திருப்பி அனுப்புவார்' என்று ஒரு பதில், 'பிரச்சினை ஆகும்' என்று ஒரு பதில். கடைசி இரண்டும் தடை. இதிலும் ஒரு குறை இருக்கிறது: இது எதிர்பார்ப்பைத்தான் காட்டும், நடந்ததைக் காட்டாது. 'யாராவது அப்படிப் போயிருக்கிறார்களா, எப்போது, அப்புறம் என்ன ஆனது' என்ற கேள்வியைக் கூடவே வைத்தால் ஓரளவு ஈடாகும்.

அரசுப் புள்ளிவிவரங்களிலிருந்து குறிகாட்டி எடுக்கும்போது வரும் ஆபத்து வேறு மாதிரி. குடிநீருக்கு எல்லோரும் எடுப்பது 'குழாய் இணைப்பு உள்ள வீடுகளின் விகிதம்' என்பதைத்தான். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. அதையடுத்து அங்கே போன மாவட்ட ஆட்சியர், டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக்குவளை இருந்ததையும், அவர்களைக் கோயிலுக்குள் விடாததையும் கண்டறிந்து, அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதற்கு முந்தைய மாதம் ஓர் ஆய்வாளர் தொட்டியையும் குழாயையும் மட்டும் வைத்து அந்த ஊரை அளந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? தொட்டி உண்டு, விநியோகம் உண்டு, ஆகவே 'சேர்க்கப்பட்டது' என்று பதிவு. தொட்டி இருப்பதை அந்தக் குறிகாட்டி சரியாகவே அளந்திருக்கும். நாம் தேடுவது அதில் இல்லை, அவ்வளவுதான். சொல்லப்போனால் தனித்தொட்டி என்பதே சில ஊர்களில் ஒரே குழாயில் நிற்கவிடாததன் விளைவு. அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் குறிகாட்டி நேர்மாறான திசையைக் காட்டும்.

அடுத்து, யாரிடம் கேட்பது? விலக்கப்பட்டவரிடம் மட்டும் கேட்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 2011-12-இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 42,000-க்கு மேற்பட்ட குடும்பங்களில் நடந்தது. அதில் செய்பவர் பக்கம் கேட்டார்கள்: உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா? இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. இரண்டாவது கேள்விதான் இங்கே பாடம். 'தீண்டாமை' என்ற சொல்லைக் கேட்டதும் இல்லை என்பவர், சமையலறை என்றதும் யோசிப்பார். குற்றம் போல ஒலிக்கும் சொல்லை எடுத்துவிட்டு நடைமுறையைக் கேட்டால் ஒப்புக்கொள்வது கூடுகிறது. அப்படியும் வருவது குறைந்தபட்ச மதிப்புத்தான், மறைத்தவர்கள் அதில் இல்லை.

பதில் சொல்பவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதும் எண்ணை மாற்றும். தலித் குடியிருப்பில் பேட்டி எடுக்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் 'வழி காட்ட' கூடவே வந்து நின்றால் அன்றைய படிவங்களில் எந்தப் பிரச்சினையும் இருக்காது. பேட்டி எடுத்த இடம், உடனிருந்தவர்கள், எடுப்பவரின் சாதிப் பின்னணி மூன்றையும் படிவத்தில் பதிவுசெய்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பதிவுசெய்யாவிட்டால் கண்டுபிடிக்க வழியே கிடையாது. கடையில் உட்கார்ந்து நேரடியாகக் கவனிப்பதும் முழுத் தீர்வு ஆகாது. இரண்டு வகைப் பாத்திரம் இருப்பதை வெளியூர்க்காரர் பார்த்துவிடலாம், யாருக்கு எது போகிறது என்பதைச் சாதி தெரியாமல் சொல்ல முடியாது. கவனிப்பையும் வீட்டுப் பதிலையும் ஒன்றுக்கொன்று சரிபார்க்க வைத்துக்கொள்வதே நல்லது. உள்ளூர்த் தலித் இளைஞரைச் சோதனைக்காகக் கடைக்குள் அனுப்பும் யோசனை சில முன்மொழிவுகளில் வரும். அதை நான் ஏற்கமாட்டேன். ஆய்வாளர் அன்று மாலை பஸ் ஏறிவிடுவார், அந்த இளைஞர் அங்கேயே வாழ வேண்டும்.

மாதிரி அளவில் ஒரு பொறி இருக்கிறது. 10 ஊர், ஊருக்கு 30 வீடு, ஆக 300 என்று எழுதுவார்கள். 300 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டீக்கடைப் பழக்கம் வீட்டுக்கு வீடு மாறுவதல்ல, அது கடையின் பழக்கம், ஊரின் பழக்கம். ஒரே ஊரின் 30 வீடுகளும் ஒரே கடையைப் பற்றித்தான் சொல்கின்றன. புள்ளியியலில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு:

```
deff = 1 + (m − 1) × ρ
```

deff என்பது பதில்கள் ஒத்திருப்பதால் மாதிரியின் பயன் எத்தனை மடங்கு குறைகிறது என்பது, m என்பது ஓர் ஊரில் எடுத்த வீடுகள், ρ என்பது ஒரே ஊருக்குள் பதில்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது. ρ 0.5 என்று வைத்துக்கொண்டால் 1 + 29 × 0.5 = 15.5. முந்நூறை அதனால் வகுத்தால் 19 சொச்சம். முந்நூறு படிவம் நிரப்பினாலும் இந்தக் குறிகாட்டியைப் பொறுத்தவரை கையில் இருப்பது ஏறத்தாழ 19 சுதந்திரமான தகவல்கள்தான். ஆகவே ஊரின் தன்மையை அளக்கும் குறிகாட்டிகளுக்கு ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டி வீடுகளைக் குறைக்க வேண்டும். 30 ஊர், ஊருக்கு 10 வீடு என்றால் படிவம் அதே முந்நூறுதான், deff 5.5-க்கு இறங்கி 54 சொச்சம் கிடைக்கும். அலைச்சலும் செலவும் கூடும், அதை முன்மொழிவின் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசை. நெறியாளர்களும் கேட்பார்கள், 'இன்டெக்ஸ் எங்கே?' என்று. கூடவே, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா கேட்பார்கள், 0.7-க்கு மேல் வர வேண்டும் என்பார்கள். மனச்சோர்வு மாதிரி ஒரே உள்நிலையின் வெளிப்பாடுகளாக வரும் கேள்விகளுக்கு ஆல்ஃபா பொருந்தும், ஏனென்றால் அவை ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். நம் குறிகாட்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. டீக்கடையில் வேறுபாடு மறைந்த ஊரில் கோயில் கதவு மூடியே இருக்கலாம், ரேஷன் கடையில் சமமாக நடத்தும் ஊரில் சுடுகாட்டுப் பாதை மறுக்கப்படலாம். இவை சேர்ந்துதான் விலக்கம் என்பதை உருவாக்குகின்றன, சேர்ந்து ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆல்ஃபாவை உயர்த்துவதற்காக 'பொருந்தாத' கேள்வியை நீக்கினால் பெரும்பாலும் போவது சுடுகாட்டுப் பாதை மாதிரியான அரிதான, கொடுமையான ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதிலாக எண்ணுவது நேர்மையான வழி. டீக்கடை, கோயில், தண்ணீர், ரேஷன், ஊராட்சி, சுடுகாட்டுப் பாதை என ஆறு களம். ஒவ்வொன்றிலும் அணுகல், நடத்தை, பொறுப்பு என்ற மூன்றில் பொருந்துவதைக் கேட்டு, தடை உண்டா இல்லையா என்று மட்டும் பதிவுசெய்யலாம். எத்தனை களத்தில் தடை என்பதை ஊர்வாரியாகச் சொல்லலாம், எந்தக் களம் என்பதையும் பக்கத்திலேயே காட்டலாம். ஆறில் இரண்டு தடை உள்ள இரண்டு ஊர்களை ஒன்று என்று சொல்லிவிட முடியாது, ஓர் ஊரில் அது டீக்கடையும் கோயிலும், மற்றதில் தண்ணீரும் சுடுகாடும். அந்த வேறுபாட்டை மறைக்காத அட்டவணைதான் வேண்டும்.

தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளில் தலித் தலைவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், உட்கார நாற்காலி உண்டா, கொடியேற்ற விடுகிறார்களா என்பது மாதிரியான கேள்விகள் இருந்தன. இதற்கு மேல் எளிமையாக ஒரு குறிகாட்டியை எழுத முடியாது. பதவிக்கு வந்த பிறகும் தொடரும் விலக்கத்தை அது பிடித்துவிடுகிறது, சரிபார்க்க வேண்டுமானால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிடலாம்.

முன்மொழிவைக் கொடுப்பதற்கு முன் இரண்டு ஊர்களில் முன்னோட்டம் பார்ப்பது அவசியம். விலக்கம் உண்டு என்று வெளிப்படையாகத் தெரிந்த ஓர் ஊர், ஓரளவு குறைந்திருக்கிறது என்று பலரும் சொல்லும் ஓர் ஊர். இரண்டிலும் ஒரே மதிப்பெண் வந்தால் கேள்விகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எல்லோரும் 'இல்லை' என்று சொன்ன கேள்விகளை எடுத்து, எங்கே வைத்துக் கேட்டோம், யார் உடனிருந்தார்கள், எந்தச் சொல்லைப் பயன்படுத்தினோம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அப்புறம் அதே கேள்வியை வேறு சொல்லில், தனியாக, குடியிருப்புக்குள் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.